"உங்க கடையில சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு": கேள்வி பதில்

பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் பதினெட்டு வருஷம், அதன் பிறகு கல்யாண கேட்டரிங்கில் ஒன்பது வருஷம். இந்தக் காலத்தில் "வயிறு கெட்டுப்போச்சு" என்று வந்த புகார்களில் சிலவற்றை ஒழுங்காகக் கையாண்டிருக்கிறேன், சிலவற்றைச் சொதப்பியிருக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் கீழே பதில் சொல்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.

மதுரையில் மெஸ் நடத்துபவர்: காலையில போன் வருது, "நேத்து ராத்திரி உங்ககிட்ட சாப்பிட்டோம், வீட்ல மூணு பேருக்கு வாந்தி"ன்னு. முதல் வார்த்தை என்ன சொல்லணும்?

"இப்போ எப்படி இருக்காங்க?" இதுதான் முதல் வார்த்தை. நம் வாயில் தானாக வருவது "எங்க சாப்பாட்டுல ஒண்ணும் இருக்காதுங்களே, நேத்து இருநூறு பேர் சாப்பிட்டாங்க" என்பதுதான். அதைச் சொன்ன நொடியில் அந்த ஆள் உங்களிடம் விவரம் சொல்வதை நிறுத்திவிட்டுச் சண்டைக்குத் தயாராகிவிடுவார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு உருப்படியான தகவலும் கிடைக்காது. அதே மாதிரி "ஐயோ, மன்னிச்சிடுங்க, எங்க தப்புதான்" என்றும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

குழந்தை, வயதானவர், கர்ப்பிணி யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை, சிறுநீர் போகாமல் இருப்பது, கண் மங்கல், நாக்கு குழறல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்ட கேஷியரை எனக்குத் தெரியும்.

கடையில் இந்த போனை எடுப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லையென்றால் இன்னொருவர், அவ்வளவுதான். கல்லாவில் இருப்பவர் ஒன்று சொல்லி, சப்ளையர் வேறொன்று சொல்லி, மாஸ்டர் "அந்த மீன் கொஞ்சம் பழசுதான்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்த கதைகள் நிறைய உண்டு.

கோவை, ரெஸ்டாரன்ட் மேனேஜர்: என்னென்ன எழுதி வைக்கணும்? எங்ககிட்ட புகார் நோட்டு இருக்கு. "உணவு சரியில்லை"ன்னு எழுதி கையெழுத்து வாங்குவோம்.

அந்த நோட்டு இதற்குப் போதாது. முக்கியமாக வேண்டியவை இரண்டு மணி: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதல் அறிகுறி வந்தது. "ராத்திரி", "விடியக்காலை" என்று விடாதீர்கள். "பாத்ரூமுக்கு முதல்ல எழுந்தப்போ மணி பாத்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

அடுத்தது, முதலில் வந்தது வாந்தியா, பேதியா, வயிற்றுப் பிடிப்பா. காய்ச்சல் உண்டா. கூடச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் பின்னால் காரணத்தைத் தேடும்போது நல்லபடியாக இருப்பவர்தான் பெரிய உதவி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிறகு, உங்களிடம் சாப்பிட்டது மட்டும் இல்லாமல், நோய் வருவதற்கு முந்தைய மூன்று நாளில் வேறு எங்கெல்லாம் என்னென்ன சாப்பிட்டார்கள் என்பது. இதைக் கேட்கும் விதம் முக்கியம். "வேற எங்கயாவது கண்டதைச் சாப்பிட்டிருப்பீங்க" என்ற தொனி வந்தால் முடிந்தது. "எது காரணம்னு தேட உதவியா இருக்கும், ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "வயித்தைப் பெரட்டிச்சு" என்றால் அதையே எழுதுங்கள், "குமட்டல்" என்று திருத்த வேண்டாம். பில் நம்பர், டேபிள் நம்பர், போனை எடுத்தவர் பெயர், நேரம். இது முடிந்ததும் அன்றைய சமையல் பதிவுகள், வெப்பநிலை நோட்டு, கொள்முதல் பில், யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அன்று எழுதாமல் விட்டதை இன்று உட்கார்ந்து நிரப்பாதீர்கள். வெற்றுக் கட்டம் கவனக்குறைவைக் காட்டும். பின்னால் நிரப்பிய கட்டம் பொய்யைக் காட்டும்.

திருச்சி, டிபன் கடை: இதுல ஒரு கணக்கு இருக்குங்க. சாப்பிட்டு அரை மணி, ஒரு மணில வாந்தி வந்தா அது நம்ம சாப்பாடு இல்ல, அதுக்கு முன்னாடி சாப்பிட்டது. சாப்பாடு ஜீரணமாகி வேலை காட்ட ஒரு நாளாவது ஆகும். சரிதானே?

பாதி சரி. பல கிருமிகளுக்கு நேரம் எடுக்கும், அதனால் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தை மட்டும் குற்றம் சொல்வது பல நேரம் தப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் ஆகாது. கிருமி உணவிலேயே விஷத்தை உண்டாக்கி வைத்திருந்தால், நாம் விழுங்குவதே விஷம்தான். சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் விஷம் அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் வாந்தியில் தள்ளிவிடும். ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி வகையும் அப்படித்தான், ஒன்றிலிருந்து ஆறு மணி நேரம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு மூன்று மணிக்கு வாந்தி என்றால் உங்கள் எலுமிச்சை சாதத்தையும் தேங்காய்ச் சட்னியையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

வாந்தி அதிகம் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், எட்டிலிருந்து பதினாறு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துப் பேதி போனால், பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறிய குழம்பு, கறி வகையை நினைக்க வேண்டும். காய்ச்சலோடு, அரை நாளிலிருந்து சில நாள் கழித்து வந்தால் சால்மோனெல்லா மாதிரி ஏதாவது. நோரோவைரஸ் பொதுவாக ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து வரும், வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவும் செய்யும். இந்த நேரக் கணக்கு ஒரு துப்பு, அவ்வளவுதான். இதை வைத்து வாடிக்கையாளரிடம் "உங்களுக்கு வந்தது எங்களால இல்ல" என்று வாதாடக் கிளம்பாதீர்கள்.

அதே டிபன் கடைக்காரர்: எங்க மாஸ்டர் சந்தேகம் வந்தா சட்னியைத் தாளிச்சு நல்லா கொதிக்க விட்டுடுவார். கொதிச்சா எல்லாம் செத்துரும்ல?

பெரும்பாலான கிருமி சாகும், விஷம் சாகாது. நான் சொன்ன அந்த இரண்டு விஷமும் கொதிநிலையைத் தாங்கும். மாஸ்டரின் விரலில் கட்டு போட்ட சீழ்ப்புண் இருந்து, அவர் கையால் கலக்கிய தேங்காய் நாலு மணி நேரம் வெளியே கிடந்திருந்தால், அதைக் கொதிக்க வைத்து என்ன பயன்? புகார் வந்த நாளில் மாஸ்டர், சப்ளையர் எல்லோர் கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். பார்த்ததையும் எழுதி வையுங்கள்.

தஞ்சாவூர், கல்யாண சமையல் காண்ட்ராக்டர்: போன மாசம் எனக்கு நடந்தது. போன் வந்த உடனே பயந்துபோய் மீதி இருந்த எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சுட்டேன், பாத்திரம் எல்லாம் பிளீச்சிங் போட்டுக் கழுவியாச்சு. அப்புறம் ஆபீசர் வந்து "மிச்சம் எங்க?"ன்னு கேட்டார். நான் செஞ்சது தப்பா?

மீதியை இன்னொருவர் சாப்பிடக்கூடாது என்று நினைத்தது சரி. அதைக் காணாமல் செய்ததுதான் உங்களுக்கே வினையாக முடிந்தது. அந்தச் சாப்பாடு நல்லதாக இருந்திருந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அடுத்த முறை பரிமாறுவதை நிறுத்துங்கள், ஒவ்வொரு வகையிலும் சுத்தமான கரண்டியால் சுத்தமான டப்பாவில் எடுங்கள், நூற்றைம்பது இருநூறு கிராம் போதும். பெயர், தேதி, எடுத்த மணி, எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். "சாப்பிடக் கூடாது, தொடாதே" என்று பெரிதாக எழுதிக் குளிர்பெட்டியில் தனித் தட்டில் வையுங்கள். மூலப்பொருள் மிச்சமும் அப்படியே: அந்த எண்ணெய் டின், மசாலா பாக்கெட், பால் கவர், லாட் நம்பர் தெரியும்படி. பாத்திரங்களைக் கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள்.

இதெல்லாம் புகார் வந்த பிறகு. கல்யாண வேலையில் போன் வரும்போது மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொரு வேளையும் பந்தி ஆரம்பிக்கும்போதே ஒவ்வொரு ஐட்டத்திலும் ஒரு டப்பா எடுத்து 72 மணி நேரம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அடுப்படியில் இறக்கும்போது எடுக்காதீர்கள், பரிமாறும் பாத்திரத்திலிருந்து எடுங்கள். விருந்தாளி சாப்பிடுவது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. மாதிரியை ஃப்ரீசரில் போடாதீர்கள், கீழ்த்தட்டில் வையுங்கள், உறையக் கூடாது. இது எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

சென்னை, பேங்க்வெட் சூப்பர்வைசர்: பதினேழு ஐட்டம் போட்டோம், இருபது பேருக்கு உடம்பு சரியில்ல. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் ஐஸ்கிரீமைத்தான் சொல்றாங்க.

எங்கள் கதையையே சொல்கிறேன். நான் பொறுப்பில் இருந்த ஒரு வரவேற்பு விருந்து. ராத்திரி எட்டே காலுக்குப் பந்தி, பத்து மணிக்கு முடிந்தது. மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு முதல் போன், பெண் வீட்டிலிருந்து. ஒன்பது மணிக்குள் நாலு போன். எல்லோரும் சொன்ன கதை ஒன்று: விடியக்காலை ஆறரை ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது, அப்புறம் தண்ணியாகப் போச்சு. வாந்தி ஓரிருவருக்குத்தான். காய்ச்சல் யாருக்கும் இல்லை. எல்லோரும் குற்றம் சொன்னது ஐஸ்கிரீமை. "கரைஞ்சு உறைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார்கள். எங்கள் முதலாளிக்கும் அது வசதியாக இருந்தது, ஐஸ்கிரீம் வெளியிலிருந்து வாங்கியது.

நாங்கள் பெண் வீட்டாரிடம் பட்டியல் வாங்கி, புகார் சொன்னவர்களை மட்டும் இல்லாமல் கிடைத்தவர்களை எல்லாம் கூப்பிட்டோம். இரண்டு நாளில் 58 பேர் பேசினார்கள். 26 பேருக்கு வயிறு கெட்டிருந்தது, 32 பேருக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரிடமும் மெனுவை வரிசையாகப் படித்து "இது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் சந்தேகப்படுகிற ஐட்டத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் 45 பேர், அதில் 21 பேருக்கு நோய். கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் ஐஸ்கிரீமைத் தொடாத 13 பேரில் 5 பேருக்கும் நோய். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இங்கே, பத்துக்கு நாலு அங்கே. பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளிகள் பெரும்பாலோர் ஐஸ்கிரீம் சாப்பிட்டதற்குக் காரணம், விருந்தில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள் என்பதுதான்.

மட்டன் குழம்பு சாப்பிட்டவர்கள் 38 பேர், அதில் 24 பேருக்கு நோய். சாப்பிடாத 20 பேரில் 2 பேருக்கு மட்டும். இங்கேதான் வித்தியாசம் கண்ணில் அறைந்தது. மற்ற ஐட்டங்கள் எதிலும் இப்படி இல்லை. நலமாக இருந்த அந்த 32 பேரைக் கேட்காமல் விட்டிருந்தால் நாங்கள் இன்னும் ஐஸ்கிரீம் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்போம்.

அப்புறம் சமையலறைக்குப் போனேன். மாஸ்டரிடம் "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால் "எப்பவும் செய்யற மாதிரிதான் செஞ்சேன்" என்பார். அதனால் அண்டாவின் கதையைக் கேட்டேன். எத்தனை மணிக்கு இறங்கியது, எங்கே வைத்தீர்கள், மூடி இருந்ததா, யார் சூடு பண்ணியது? மெல்ல மெல்ல வந்தது. ராத்திரி அடுப்பு ஸ்வீட்டுக்கு வேண்டும் என்பதால் குழம்பை மதியம் ஒன்றரைக்கே இறக்கிவிட்டார்கள். அறுபது லிட்டர் அண்டா, மூடி போட்டுத் தரையில் ஐந்தரை மணி நேரம். ஏழு மணிக்கு மறுபடி அடுப்பில் ஏற்றி, ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிட்டார்கள். நடுவில் அது வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும்.

கறியில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி, கொதியிலும் விதை மாதிரி ஒரு நிலையில் உயிரோடு இருக்கும். குழம்பு நாற்பது நாற்பத்தைந்து டிகிரியில் மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அறுபது லிட்டர் குழம்பு மூடி போட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டில் மணிக்கணக்காக நிற்கும். அறுபது டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் இருபது டிகிரிக்கு இறக்கி, அப்புறம் குளிர்பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் இரண்டுமே செய்யவில்லை. வெப்பநிலை நோட்டைப் பார்த்தால் எல்லா மணிக்கும் "65, 65, 65" என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில். அதற்குக் கீழே கையெழுத்து என்னுடையது.

இனி அந்த ஃப்ரீசர் கதை. பந்தியின்போது எடுத்த குழம்பு மாதிரி எங்களிடம் இருந்தது. குளிர்பெட்டி நிரம்பி வழிந்ததால் ஸ்டோர் பையன் அதை ஐஸ்கிரீமோடு ஃப்ரீசரில் தள்ளிவிட்டான். இந்தக் கிருமி உறைநிலையில் பெருமளவு செத்துவிடும். ஆய்வக அறிக்கை "காணப்படவில்லை" என்று வந்தது. முதலாளி அதைக் காட்டி "பாத்தீங்களா, நம்ம குழம்பு சுத்தம்" என்றார். எனக்கு அந்தப் பட்டியலும் அண்டாவின் கதையும்தான் பெரிதாகப் பட்டது. ஆனால் ஆய்வகச் சான்று இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. குழம்பு சாப்பிடாமலே நோய் வந்த இரண்டு பேரில் ஒரு பையன், தோசைக்கு அந்தக் குழம்பை ஊற்றிக்கொண்டதாக அவன் அம்மா பிற்பாடு சொன்னார். இன்னொருவருக்கு ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஓசூரிலிருந்து: ரெண்டு நாளா எனக்கு வயித்தால போகுது, ஹோட்டல் பிரியாணி சாப்பிட்டதுலேர்ந்து. என்ன சாப்பிடலாம்?

இது ஹோட்டல்காரர்களுக்கான கேள்வி பதில் அண்ணே. இரண்டு நாள் ஆகிவிட்டது என்றால் டாக்டரைப் பாருங்கள், அதுவரை ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். முடிந்தால் அந்த ஹோட்டலுக்குச் சொல்லுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதோடு.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்: மட்டன் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன் மலப் பரிசோதனைக்கு எடுத்தார்களா? அப்புறம் தண்ணீரை யாராவது பார்த்தார்களா? எனது அனுபவத்தில் பாதி நேரம் தொட்டிதான் காரணம்.

ஐயா சொல்வது சரி. இரண்டே பேருக்குத்தான் மலப் பரிசோதனை நடந்தது, இரண்டும் மருந்து ஆரம்பித்த பிறகு, ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் புகார் சொல்பவரிடம் "டாக்டர்கிட்ட போகும்போது, சாப்பாட்டுல பிரச்சினைன்னு சந்தேகம், மருந்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன். எடுக்க வேண்டுமா என்பது டாக்டர் முடிவு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அன்று எனக்குச் சந்தேகம் குறைவு. தண்ணீராக இருந்தால் குழம்பு சாப்பிடாத அந்த 20 பேரும் அதைத்தானே குடித்தார்கள்? ஆனால் தொட்டியையும் கேன்களையும் உடனே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. குளோரின் அளவுகூட எடுக்கவில்லை. "பாதி நேரம் தொட்டி" என்பதை நான் பார்த்ததில்லை, ஐயா பார்த்த ஊர்கள் வேறாக இருக்கலாம்.

சேலம், ஷவர்மா கடை: மூணு நாள் கழிச்சு ரெண்டு பேர் வந்து காய்ச்சல், பேதின்னு சொல்றாங்க. மூணு நாள் கழிச்சு வந்தா நாங்க பொறுப்பா? மையோனைஸ் நானே முட்டையில அடிப்பேன், ஃபிரஷ்ஷா.

மூன்று நாள் என்பது உங்களை விடுவிக்காது. சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரைகூட எடுக்கும். வந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், இருவருக்கும் பொதுவான இடம் உங்கள் கடைதான் என்றால் அது வலுவான துப்பு. ஃபிரஷ் என்பது இங்கே பாதுகாப்பு இல்லை, பிரச்சினை பச்சை முட்டைதான். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மையோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டார்களே, கவனிக்கவில்லையா? இப்போதைய நிலை என்னவென்று உங்கள் பகுதி உணவு பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் இன்றைக்கே அதை நிறுத்துங்கள். அந்த நாளின் முட்டை பில், கோழி பில் இரண்டையும் எடுத்து வையுங்கள், அதே சப்ளையரிடம் வாங்கிய மற்ற கடைகளுக்கும் புகார் வந்ததா என்று விசாரியுங்கள்.

யாழ்ப்பாணம், ஆறு அறையோடை விருந்தினர் விடுதி நடத்துறம்: தங்கினவை நாலு பேருக்கு வயித்தோட்டம். நாங்களா அதிகாரிகளுக்கு அறிவிக்கோணும்? அறிவிச்சால் பூட்டிப்போடுவினமோ எண்டு பயமா கிடக்கு.

இலங்கையில் உணவு நஞ்சாதல் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் வைத்தியரிடம் போனால் அங்கிருந்தே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வாசலுக்கு வருவார். அவர் வருவதற்கு முன் நீங்களே அழைத்துச் சொல்வது நல்லது. எழுதி வைத்த குறிப்பும் எடுத்து வைத்த உணவும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். இங்கே தமிழ்நாட்டிலும் இரண்டு மூன்று குடும்பம் ஒரே மாதிரிப் புகார் சொன்னால் உணவு பாதுகாப்பு அலுவலரிடம் நானே சொல்லிவிடுவேன். பூட்ட மாட்டார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. உடனடி ஆபத்து என்று பட்டால் மூடச் சொல்வார்கள். அவர் சட்டப்படி மாதிரி எடுக்கும்போது, அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பும்படி கேட்க இந்தியச் சட்டத்தில் வழி உண்டு. உங்கள் ஊர் நடைமுறையைப் பரிசோதகரிடமே கேளுங்கள்.

ஈரோடு, ஹோட்டல் உரிமையாளர்: ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா? கூகுள்ல வேற ஒரு ஸ்டார் போட்டு எழுதிட்டாங்க.

சட்டம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுங்கள். உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கே தனி ஏற்பாடு இருக்கிறது. உயிரிழப்பு என்றால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல், கடும் பாதிப்புக்கு மூன்று லட்சம் வரை, மற்றவற்றுக்கு ஒரு லட்சம் வரை. நான் செய்த வழி, காரணம் தெரியும்வரை மருத்துவச் செலவு உதவி என்று எழுதிக் கொடுத்தேன், தப்பு யாருடையது என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் "இனி புகார் செய்ய மாட்டேன்" என்று கையெழுத்து வாங்காதீர்கள். எங்கள் முதலாளி ஒருமுறை வாங்கினார், அந்தத் தாள்தான் முதலில் வாட்ஸப்பில் சுற்றியது.

ரிவ்யூவுக்குப் பதில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். "உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்கு வருந்துகிறோம். அன்றைய உணவையும் பதிவுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணில் எங்கள் மேனேஜரிடம் பேசுங்கள்." அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை பீர் குடித்தார் என்றெல்லாம் அங்கே எழுதாதீர்கள். விசாரணை முடிந்ததும் மறுபடி நீங்களே கூப்பிட்டு என்ன கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம் என்று சொல்லுங்கள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். இந்த இரண்டாவது போனைத்தான் யாரும் செய்வதில்லை.

புதுச்சேரி, இளநிலை சூப்பர்வைசர்: எங்க கிச்சன்ல சாலட் வெட்டுற பையனுக்கு அன்னிக்குக் காலைல பேதியாம். சொல்லாம வேலைக்கு வந்துட்டான். இப்போதான் சொல்றான். ஓனர் அவனை அனுப்பிடச் சொல்றார். நான் என்ன செய்ய?

பையன் சொன்னதை நேரத்தோடு எழுதி வையுங்கள், அது முக்கியமான துப்பு. அவனையும் டாக்டரிடம் அனுப்புங்கள். பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சாப்பாட்டுப் பக்கம் விடாதீர்கள். அவன்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. அவனும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவனாகவும் இருக்கலாம். முந்தின நாள் அவன் கிச்சனில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

அனுப்புவது பற்றி ஓனரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கும் நல்ல வழி தெரியவில்லை. ஒன்று கேட்டுப் பாருங்கள்: லீவு எடுத்தால் அன்றைய கூலி உண்டா? எங்கள் இடத்தில் இல்லாமல் இருந்தது. அதனால்தான் யாரும் சொல்லவில்லை. அவனை அனுப்பினால் அடுத்த பையனும் சொல்ல மாட்டான், அப்போது உங்கள் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.